சமையலறைப் படத்தில் கப்போர்டு நிறமும் மேடைக்கல்லும் மட்டும் மாற: பளபளப்பைத் தனியே பிரித்தெடுப்பது

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு அடுக்ககத்து வீட்டின் சமையலறைப் படம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்குப் பக்கம் ஜன்னல். பளபளப்பான லேமினேட் ஒட்டிய கிரீம் நிற ஷட்டர்கள். மேடைக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். அதன் மேல் இரண்டு பர்னர் ஸ்டீல் ஸ்டவ், ஒரு மிக்ஸி. மேலே சிம்னி, ஓரத்தில் ஃபிரிட்ஜ். வீட்டுக்காரர்களுக்குக் கப்போர்டு அடர் பச்சையாகவும், மேடை வெளிர் சாம்பல் குவார்ட்ஸ் கல்லாகவும் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும்.

முதன்முதலில் செய்பவர்கள் ஷட்டர்களைச் செலக்ட் செய்து பச்சையைக் கொட்டுவார்கள். மேடையின் மேல் கல்லின் படத்தை ஒட்டுவார்கள். நிறம் சரியாகவே வந்திருக்கும், ஆனால் ஷட்டர் பெயின்ட் அடித்த அட்டையைப் போலவும், மிக்ஸி காற்றில் தொங்குவதைப் போலவும் தெரியும். காரணம் ஒன்றுதான். படத்தில் ஒரு பிக்சலில் நாம் பார்ப்பது ஒரு நிறம் அல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்த இரண்டு வெளிச்சங்கள்.

ஒரு பிக்சலில் இரண்டு வெளிச்சம்

ஜன்னல் வெளிச்சம் ஷட்டர் மேல் விழும்போது ஒரு பகுதி லேமினேட்டின் நிறத்துக்குள் போய்ச் சிதறி, அந்த நிறத்தைப் பூசிக்கொண்டு வெளியே வருகிறது. இதைப் பரப்பின் சொந்த நிறம் என்போம். இது வெளிச்சத்தையும் பரப்பின் நிறத்தையும் பெருக்கியதால் கிடைப்பது. இன்னொரு பகுதி உள்ளே போகாமல் மேல்பூச்சிலேயே பட்டுத் திரும்புகிறது. அதுதான் பளபளப்பு. அதில் லேமினேட்டின் நிறம் ஒட்டுவதில்லை. எதிரே இருக்கும் ஜன்னலின் நிறம், டைல்ஸின் நிறம் அப்படியே வரும். இது சொந்த நிறத்தின் மேல் கூட்டப்படுவது.

ஆகவே கணக்கு இப்படி: கண்ணுக்குத் தெரிவது = வெளிச்சம் × சொந்த நிறம் + பளபளப்பு. கப்போர்டு நிறத்தை மாற்றுவது என்றால் நடுவில் இருக்கும் அந்தச் சொந்த நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது. பளபளப்பைத் தொடக் கூடாது. பச்சை ஷட்டரில் விழும் ஜன்னலின் வெள்ளைத் தெறிப்பு பச்சையாகிவிட்டால் அது லேமினேட்டாகத் தெரியாது. வர்ணத் தகரமாகத் தெரியும், ஏனென்றால் பித்தளை, செம்பு போன்ற நிறமுள்ள உலோகங்கள்தான் பிரதிபலிப்புக்குத் தங்கள் நிறத்தைப் பூசும்.

இதிலிருந்து வரும் இன்னொன்றுதான் வேலை முழுவதற்கும் வழிகாட்டி. வெளிர் பரப்பு நிழலை நன்றாகக் காட்டும், ஆனால் பளபளப்பை மூழ்கடித்துவிடும். கருத்த பரப்பு பளபளப்பைத் துல்லியமாகக் காட்டும், ஆனால் அதன் மேல் விழுந்த நிழல் கண்ணுக்கே தெரியாது. நம் படத்தில் கிரீம் ஷட்டர் கருக்கப் போகிறது, கறுப்புக் கல் வெளுக்கப் போகிறது. ஷட்டரில் நிழல் இனாமாகக் கிடைக்கும், பளபளப்புக்குத் திண்டாட வேண்டும். மேடையில் பளபளப்பு இனாம், நிழலை நாம்தான் வரைய வேண்டும்.

முதலில் எல்லைக்கோடு

இங்கே சொல்லும் படிகளை இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் செய்யலாம். திரையில் தெரியும் பெயர்களை அப்படியே தருகிறேன். படத்தைத் திறந்ததும் Image > Precision போய் 16-bit integer என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பெருக்கி வகுக்கும்போது ஷட்டரில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

பிறகு எல்லை. மேஜிக் வாண்ட் போல நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கருவிகள் இங்கே உதவாது. ஸ்டவ்வின் ஸ்டீல் முகப்பில் கறுப்பு கிரானைட் பிரதிபலிக்கும். கருவி அதையும் கிரானைட் என்று எண்ணிக் கடித்துவிடும். சாதனங்களின் உருவம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். Paths கருவியை எடுத்து ஷட்டர்கள், மேடை, ஸ்டவ், மிக்ஸி, சிம்னி, குழாய், கைப்பிடிகள் ஒவ்வொன்றையும் கையாலேயே சுற்றி வரையுங்கள். ஸ்டவ்வுக்கு நான்கு கால்கள் உண்டு. கால்களுக்கு இடையில் கிரானைட் தெரியும். அந்த இடைவெளி மேடையைச் சேர்ந்தது. கேஸ் டியூபை மறந்துவிடாதீர்கள், கறுப்புக் கல்லில் அது இருட்டோடு இருட்டாகக் கலந்து கிடக்கும். கல் வெளுத்தபின்தான் அறுந்து தொங்குவது தெரியும்.

கோடு வரைந்ததும் Selection from Path கொடுத்து, Select > Feather 1 பிக்சல் வைத்தால் போதும். 4000 பிக்சல் அகலப் படத்துக்கு இது சரியான அளவு. 3, 4 என்று வைத்தால் மிக்ஸியைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும். சாதனங்களின் செலக்‌ஷனை மூலப்படத்தின் நகல் லேயர் ஒன்றுக்கு மாஸ்க்காகப் போட்டு எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிடுங்கள். கீழே என்ன செய்தாலும் உருவம் மாறாது.

கறுப்புக் கல்லை வெளுக்கும்போது ஒரு தொல்லை வரும். மிக்ஸியின் ஓரத்துப் பிக்சல்கள் பாதி மிக்ஸி, பாதி கறுப்புக் கல். பின்னணி வெளுத்ததும் அவை மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். அடிப்பாகத்தில் அந்தக் கோடு நிழலோடு சேர்ந்துவிடும், அதனால் கவலையில்லை. பக்கவாட்டிலும் குழாயின் வளைவிலும் அது உறுத்தும். அந்த இடங்களில் மட்டும் சாதன லேயரின் மாஸ்க்கை 1 பிக்சல் உள்ளே சுருக்குங்கள். Select > Shrink அதற்குத்தான்.

ஷட்டர்: பழையதால் வகுத்து, புதியதால் பெருக்கி

Color Picker எடுத்து Sample average-ஐ டிக் செய்து, ஷட்டரில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும், ஆனால் தெறிப்பு இல்லாத ஒரு தட்டையான இடத்தில் வைத்துக் கிரீம் நிறத்தை எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 214, 203, 180 என்று வருவதாகக் கொள்வோம். லேமினேட் மாதிரித் துண்டை அதே சமையலறையில், அதே ஷட்டர் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்திருந்தால் அதிலிருந்து பச்சையை எடுக்கலாம். அது 52, 84, 70. கடையின் பட்டியல் படத்திலிருந்து எடுத்த பச்சை வேறு வெளிச்சத்துப் பச்சை, அதைத் தவிர்ப்பது நல்லது.

இனி ஒரு லேயர் குரூப் திறந்து, அதற்கு ஷட்டர்களின் மாஸ்க் போட்டு, உள்ளே மூன்றடுக்கு வைக்கிறோம்.

```
மேலே  : பளபளப்பு      Mode: Addition
நடுவே : பச்சை 52,84,70  Mode: Multiply
கீழே  : வெளிச்சம்       Mode: Normal
```

கீழடுக்கைச் செய்வது இப்படி. மூலப்படத்தின் நகல் ஒன்றைக் குரூப்புக்குள் வையுங்கள். அதன் மேல் கிரீம் நிறம் நிரப்பிய புதிய லேயர், அதன் Mode-ஐ Divide என்று மாற்றி, Merge Down. இப்போது ஷட்டர்கள் வெள்ளையாகிவிட்டிருக்கும். கிரீம் போய்விட்டது, அந்தப் பரப்பில் விழுந்த வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த ஷட்டர் போல இருந்தால் சரி. ஜன்னல் பக்கம் லேசான நீலமும் டியூப்லைட் பக்கம் வேறொரு சாயலும் தெரிந்தால் அதைத் திருத்த வேண்டாம். அந்த வீட்டின் வெளிச்சம் அது, பச்சையிலும் அது இருக்க வேண்டும். Desaturate கொடுத்துச் சாம்பலாக்கும் குறுக்குவழியில் தொலைவது இதுதான்.

நடுவில் பச்சையை Multiply-ல் வைத்ததும் ஷட்டர்கள் அடர் பச்சையாகிவிடும். கைப்பிடிக்குக் கீழே விழும் நிழல், இரண்டு ஷட்டருக்கு இடையிலான கோடு, ஓரங்களின் சரிவு எல்லாம் தானாகவே அதனதன் இடத்தில் இருக்கும்.

மேலடுக்குக்கு மூலப்படத்தின் இன்னொரு நகல். அதன் மேல் அதே கிரீம் லேயர், இந்த முறை Mode: Subtract. Merge Down. கிரீமைவிட வெளிச்சமாக இருந்தவை மட்டும் தங்கும், மற்ற இடம் கறுப்பாகிவிடும். அந்தத் தங்கலைத்தான் பளபளப்பு என்று Addition-ல் மேலே வைக்கிறோம். ஜன்னலின் தெறிப்பு பச்சை ஒட்டாமல் வெள்ளையாகவே வந்து உட்காரும். ஜிம்ப்பில் Addition, Multiply, Divide எல்லாம் இயல்பிலேயே நேர்விகித ஒளிக்கணக்கில் நடப்பவை என்பதால் இது வெளிச்சம் நிஜத்தில் கூடுவதைப் போலவே கூடும்.

பழைய நிறத்தை எந்த இடத்தில் எடுத்தோம் என்பதில்தான் பலன் முழுவதும் இருக்கிறது. நிழல் விழுந்த இடத்தில் எடுத்திருந்தால், வெளிச்சமான ஷட்டரெல்லாம் "பளபளப்பு" கணக்கில் சேர்ந்துவிடும்; பச்சை மேல் மோர் தெளித்தது போல ஒரு கிரீம் படலம் தெரியும். தெறிப்பின் மேலேயே எடுத்திருந்தால் மேலடுக்கு முழுக்கக் கறுப்பாகி, பச்சை மாதிரித் துண்டைவிட மிகவும் கறுத்துப் போகும். படலமா, கறுப்பா என்று பார்த்தாலே எந்தப் பக்கம் தவறினோம் என்று தெரிந்துவிடும். திரும்ப எடுத்து இரண்டு Merge-ஐயும் மறுபடி செய்தால் போதும்.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு, அதை வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கிரீம் ஷட்டரில் எதிர்ச்சுவரின் மங்கலான பிம்பம் இருந்திருக்கும். கிரீமின் வெளிச்சம் அதை விழுங்கிவிட்டதால் படத்தில் அது பதிவாகவே இல்லை. நிஜத்தில் பளபளப்பான அடர் பச்சை லேமினேட் போட்டால் அந்தப் பிம்பம் தெளிவாகத் தெரியும், விரல் தடமும் சேர்ந்து தெரியும். நம் படத்தில் வரும் பச்சை ஜன்னல் தெறிப்பைத் தவிர மற்ற இடத்தில் மேட் ஃபினிஷ் போலவே இருக்கும். மேட் லேமினேட் தேர்ந்தெடுப்பவருக்கு இந்தப் படம் நம்பகமானது. பளபளப்பான லேமினேட் கேட்பவருக்கு அந்தப் படத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கக் கூடாது. ஒரு மாதிரி ஷட்டரை நேரில் வைத்துக் காட்ட வேண்டும். கடலூர்ப் பக்கம் ஈரத்துக்கு ஊதாது என்று போடும் பிவிசி ஷட்டர் வீடுகளுக்கும் இதே கணக்குதான், அங்கே பெரும்பாலும் தெறிப்பு மங்கலாக இருப்பதால் மேலடுக்கில் மிஞ்சுவது குறைவு. மர ரேகை போட்ட லேமினேட்டில் ரேகை போகாது, பச்சையிலும் ரேகை வரும்.

மேடைக்கல்: கறுப்பிலிருந்து பளபளப்பைக் கழற்றுவது

நல்ல கறுப்பு கிரானைட்டின் சொந்த நிறம் கிட்டத்தட்ட இருட்டு. அப்படியென்றால் படத்தில் அந்தக் கல் மேல் தெரிவதெல்லாம் ஏறக்குறையப் பளபளப்பு மட்டுமே. ஜன்னலின் பிம்பம், சுவர் டைல்ஸின் பிம்பம், தலைகீழாகத் தெரியும் மிக்ஸி, மேல் கப்போர்டுகளின் அடிப்பாகம் எல்லாம் அதில் எழுதி வைத்தது போல இருக்கின்றன. கல்லின் இருண்ட பகுதியில் நிறத்தை எடுங்கள், 20, 20, 21 அளவில் இருக்கும். மூலப்படத்தின் நகல் மேல் அந்த நிறத்தை Subtract வைத்து Merge Down. அதற்கு மேடையின் மாஸ்க்கையும் போட்டால் சுத்தமான பிரதிபலிப்பு லேயர் தயார். புதிய கல்லுக்கு மேலே அதை Addition-ல் வைக்கப் போகிறோம்.

இங்கே பலரும் Opacity-ஐக் குறைக்கத் தோன்றி 30, 40 சதவீதம் வைத்துவிடுவார்கள். வெள்ளைக் கல்லில் பிரதிபலிப்பு குறைவாகத்தானே தெரியும் என்பது அவர்கள் நினைப்பு. தெரிவது குறைவுதான், ஆனால் கல் அனுப்பும் அளவு குறைவதில்லை. பாலிஷ் போட்ட கிரானைட்டும் குவார்ட்ஸும் நேராகப் பார்த்தால் விழுந்த வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்புகின்றன. சாய்வாக, செங்குத்திலிருந்து 75 பாகை சரிந்து பார்த்தால் அது 25 சதவீதம் வரை போகும். நிறம் எதுவானாலும் இது மாறாது. மாறுவது அடியில் இருக்கும் வெளிச்சம். கறுப்புக் கல்லில் ஜன்னல் பிம்பம் 128 என்று இருந்தால், சுற்றியிருக்கும் 20-க்கு எதிராக அது பளிச்சென்று தெரியும். அதே அளவு பளபளப்பை 190 உள்ள வெளிர்க் கல் மேல் கூட்டினால் கிடைப்பது சுமார் 222. 190-க்கும் 222-க்கும் உள்ள வித்தியாசம் மிதமானது. கண்ணுக்கு அது தானாகவே மங்கலாகத் தெரியும். Addition-ஐ 100 சதவீதத்தில் விட்டால் இந்தக் குறைப்பு கணக்கிலேயே நடந்துவிடுகிறது. இன்னும் குறைத்தால் கல் பாலிஷ் இல்லாத கல்லாகிவிடும். வீட்டுக்காரர் கேட்பது மேட் கல்லாக இருந்தால் மட்டும் பிரதிபலிப்பு லேயருக்கு Gaussian Blur கொடுத்துப் பரப்புங்கள்.

புள்ளி போட்ட சாம்பல், பழுப்பு கிரானைட்டில் இந்தத் தந்திரம் நடக்காது. கல்லின் வெள்ளைப் புள்ளிகளும் பளபளப்பு என்று கணக்கில் வந்து புதிய கல்லில் அரிசி சிந்தியது போல இறைந்திருக்கும். அப்படிப்பட்ட மேடைக்குப் படமெடுக்கும்போதே வேலை தொடங்க வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து, போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பளபளப்பு குறைந்த நிலையில் ஒன்று, கூடிய நிலையில் ஒன்று என்று இரண்டு படம் எடுங்கள். இரண்டின் கழித்தல்தான் பிரதிபலிப்பு. ஸ்டீல் மேல் போலரைசர் அவ்வளவாக வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி புதிய கல். கடையில் கிடைத்த ஸ்லாப் படத்தைச் சரியான அளவுக்கு வெட்டாமல் ஒட்டுவதால்தான் ரேகைகள் ஆலமர விழுது போலப் பெருத்து நிற்கின்றன. மேடை பொதுவாக 2 அடி அகலம். அது 8 அடி நீளம் என்றால், ஸ்லாப் படத்திலிருந்து 4-க்கு 1 என்ற விகிதத்தில், உண்மையில் 8 அடி அளவுள்ள துண்டையே வெட்டுங்கள். Perspective கருவியால் அதன் நான்கு மூலைகளை மேடையின் நான்கு மூலைகளுக்கு இழுத்து வையுங்கள். முன்விளிம்புக்கு வேறொரு துண்டு. கல்லின் தடிமன் 18 முதல் 20 மில்லிமீட்டர்; மேற்பரப்பில் விளிம்பு வரை வந்த ரேகை அந்த இடத்திலேயே கீழே மடிந்து தொடர வேண்டும். மேடை எல் வடிவம் என்றால் மூலையில் இரண்டு கற்கள் சேரும். ஒவ்வொரு கைக்கும் தனித்தனியே Perspective செய்து, இணைப்புக் கோட்டையும் காட்டிவிடுங்கள். இணைப்பே இல்லாத குவார்ட்ஸ் மேடையைக் காட்டுவது பின்னால் தகராறில் முடியும்.

இப்போது கல் தட்டையாக, எல்லா இடமும் ஒரே வெளிச்சத்தில் தெரியும். கறுப்புக் கல் நிழலைப் பதிவு செய்யவில்லை என்று சொன்னோமே, அந்தக் கடனை அடைக்கும் இடம் இது. வெளிச்சம் எங்கே எவ்வளவு என்று பக்கத்துச் சுவர் டைல்ஸைக் கேளுங்கள். டைல்ஸ் வெளிர் நிறம், எல்லா இடத்திலும் ஒரே நிறம், அதனால் அது வெளிச்சத்தை அப்படியே காட்டும். ஜன்னலருகே டைல் 220 என்றும், ஃபிரிட்ஜ் பக்கம் 160 என்றும் இருந்தால், கல்லும் அந்த வாட்டத்திலேயே இறங்க வேண்டும். வெள்ளை நிரப்பிய ஒரு லேயரைக் கல்லுக்கு மேல் Multiply-ல் வைத்து, டைல்ஸிலிருந்து பார்த்த அந்தச் சரிவை Gradient-ஆக இழுங்கள். மேல் கப்போர்டுக்கு அடியில், சுவரை ஒட்டிய பட்டையில் இன்னும் கொஞ்சம் இருட்டுங்கள்.

பிறகு பொருள்களின் காலடி நிழல். மிக்ஸியின் அடியில் இரண்டு நிழல் வேண்டும். ஒன்று, அடித்தட்டு கல்லைத் தொடும் இடத்தில் 3, 4 பிக்சல் அகலத்தில் நல்ல கறுப்பாக ஒரு கீற்று. இதுதான் மிக்ஸியைக் கல்லில் உட்கார வைப்பது. மற்றொன்று, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாக 40, 50 பிக்சல் பரவி, போகப்போகக் கரையும் மென்மையான நிழல். ஸ்டவ்வுக்கு அடியில் முழுவதும் நிழல், கால்களின் அடியில் கீற்று. இரண்டையும் வெவ்வேறு லேயரில் வரைந்தால் ஒன்றைக் குறைக்கும்போது மற்றது கெடாது. நிழல் லேயர்கள் பிரதிபலிப்பு லேயருக்குக் கீழே இருக்க வேண்டும், ஏனென்றால் நிழல் கல்லின் சொந்த நிறத்தைத்தான் இருட்டுகிறது, ஜன்னலின் பிம்பத்தை அல்ல. மேலே வைத்தால் பிம்பமும் சேர்ந்து இருண்டு, கல்லில் எண்ணெய்க் கறை படிந்தது போல ஆகும்.

பிம்பத்துக்குள் இருக்கும் பழைய நிறம்

பிரதிபலிப்பைக் கெடுக்காமல் வைப்பது என்றால் அதைத் தொடவே கூடாது என்று பொருளில்லை. பிம்பத்தின் வடிவமும் இடமும் மாறக் கூடாது. அதற்குள் தெரியும் பொருளின் நிறம் மாறியிருந்தால் பிம்பத்திலும் அது மாறியாக வேண்டும்.

நம் பிரதிபலிப்பு லேயரைக் கவனித்துப் பாருங்கள். மேல் கப்போர்டுகளின் பிம்பம் கிரீம் நிறத்திலேயே கிடக்கும். மேலே பச்சைக் கப்போர்டு, கல்லில் கிரீம் பிம்பம். ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும், எது என்று சொல்லத் தெரியாது. அந்தப் பிம்பப் பகுதியை மட்டும் செலக்ட் செய்து, ஷட்டருக்குச் செய்த அதே வேலையைச் செய்யுங்கள்: கிரீமால் Divide, பச்சையால் Multiply. பிம்பம் என்பது ஷட்டரின் வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு என்பதால் அதே எண்கள் அங்கேயும் சரியாக வரும்.

அடுத்தது ஸ்டவ்வின் ஸ்டீல் முகப்பு. அதன் கீழ்ப்பாதியில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். ஸ்டவ்வின் டிசைன் என்று தோன்றும், ஆனால் அது முன்னால் இருக்கும் கறுப்புக் கல்லின் பிம்பம். கல் வெளுத்தபின் அந்தப் பட்டையும் வெளுக்க வேண்டும். ஸ்டவ்வைச் சுற்றி வரைந்த Path-க்குள்ளேயே நிற்கும் மாஸ்க் போட்டு, கல்லின் நிறத்தை Addition-ல், மென்மையான பிரஷ்ஷால், Opacity 30 அளவில் தொடங்கிப் பூசுங்கள். நாப், பெயர்ப்பட்டை, விளிம்புக் கோடு எதையும் தாண்டக் கூடாது. கிடைமட்டமாகச் சிராய்ப்பு ரேகை ஓடும் ஸ்டீல் என்றால் பிரஷ்ஷையும் கிடைமட்டமாகவே இழுங்கள். ஃபிரிட்ஜின் பக்கவாட்டிலும் சிம்னியின் அடியிலும் கிரீம் சாயல் இருக்கிறதா என்று பாருங்கள். தரை டைல்ஸ் பளபளப்பானதென்றால் கீழ் ஷட்டர்களின் பிம்பம் அதிலும் இருக்கும். அங்கே லேசாகப் பச்சை Multiply போதும்.

சரிபார்க்க இரண்டு வழி

மூலப்படத்தை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயராக வைத்து, Mode-ஐ Difference ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் முழுக் கறுப்பாகத் தெரியும். மிக்ஸி, சிம்னி, குழாய் எல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். ஸ்டவ் முகப்பில் நாம் வேண்டுமென்றே வெளுத்த பட்டையும், மாஸ்க்கைச் சுருக்கிய ஒரு பிக்சல் ஓரங்களும் மட்டும் தெரியலாம். மிக்ஸி ஜாரின் ஓரத்தில் பிறை போல ஒரு கீற்று மின்னினால் மாஸ்க் அந்த இடத்தில் உருவத்துக்குள் அதிகமாகப் புகுந்திருக்கிறது. கண்ணுக்குப் பிடிபடாத சிறு மாற்றத்துக்கு, எல்லாவற்றையும் New from Visible என்று ஒரே லேயராக்கி Colors > Threshold-ல் கீழெல்லையை மிகக் குறைவாக வையுங்கள், தொட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் துள்ளி வரும்.

அந்த லேயர்களை அணைத்துவிட்டு, 200 சதவீதம் பெரிதாக்கி, ஸ்டவ்வின் கால் கல்லைத் தொடும் நான்கு இடங்களையும் பாருங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று இருக்க வேண்டும்: கால், அதன் காலடியில் கறுப்புக் கீற்று, அந்தக் கீற்றிலிருந்தே தொடங்கும் தலைகீழ்ப் பிம்பம். பிம்பம் கீற்றிலிருந்து இரண்டு பிக்சல் விலகி நின்றாலும் ஸ்டவ் தூக்கி நிற்பது போல இருக்கும்; பிரதிபலிப்பு லேயர் எப்போதோ கைபட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். லேயரை மூலப்படத்தோடு மறுபடி பொருத்தி, நகராமல் பூட்டிவிட்டுப் படத்தை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.